வீங்கிய முகம் விடை சொல்லாது: ஒரு சிறுநீரக வினாவுக்கு உரை

முதுநிலை மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் அடிக்கடி தலைகாட்டும் வினா வகை ஒன்று உண்டு. முகம் வீங்கிய நோயாளி ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். சிறுநீரில் என்ன கண்டோம் என்று சில எண்களைத் தருவார்கள். நெஃப்ராட்டிக்கா, நெஃப்ரைட்டிக்கா என்று நேரடியாகக் கேட்க மாட்டார்கள். அதை நாமே மனத்துக்குள் முடிவுசெய்த பிறகுதான் பதில் சொல்ல முடிகிற வேறொரு கேள்வியைக் கேட்பார்கள்: பயாப்சியில் என்ன தெரியும்?

புரதம் கொட்டினால் நெஃப்ராட்டிக், இரத்தம் வந்தால் நெஃப்ரைட்டிக் என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு எளிய வினாக்களில் சிக்கல் இருக்காது. இரண்டும் கலந்து வரும்போது கை நடுங்கும். அப்படிக் கலந்த ஒரு வினாவை அந்த வார்ப்பிலேயே நான் எழுதியிருக்கிறேன். முதலில் மூலத்தை முழுவதும் படித்துவிடுங்கள்.

"எட்டு வயதுச் சிறுவன், உயரம் 125 செ.மீ. மூன்று நாளாகக் காலையில் எழும்போது முகமும் கண்ணிமைகளும் வீங்கியிருக்கின்றன. சிறுநீர் குறைந்து, டிகாக்‌ஷன் நிறத்தில் போகிறது. நான்கு வாரத்துக்கு முன் இரு கால்களிலும் சொறியும் சீழ்க்கொப்புளங்களும் இருந்தன. இரத்த அழுத்தம் 138/92. சிறுநீரில் புரதம் 2+, இரத்தம் 3+. புரத-கிரியாட்டினின் விகிதம் 1.2. நுண்ணோக்கியில் வடிவம் சிதைந்த சிவப்பணுக்களும் சிவப்பணு வார்ப்புகளும். சீரம் ஆல்புமின் 3.3, கிரியாட்டினின் 1.1. சி3 28 (இயல்பு 90 முதல் 180 வரை), சி4 இயல்பு. ஏஎஸ்ஓ 180, இயல்பு வரம்புக்குள். சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்தால் எதைக் காண்போம்?"

இனி ஒவ்வொரு தொடராக.

"மூன்று நாளாகக் காலையில் எழும்போது முகமும் கண்ணிமைகளும் வீங்கியிருக்கின்றன."

சிறுநீரகத்தைப் பற்றி நினைக்கவைப்பதோடு இந்தத் தொடரின் வேலை முடிந்தது. இரண்டு கூட்டறிகுறிகளிலும் முகம் வீங்கும். படுத்திருக்கும்போது நீர் தளர்ந்த இமைத் திசுவில் தேங்கும். எழுந்து நடமாடினால் கணுக்காலுக்கு இறங்கும். ஆகவே காலை வீக்கம், இமை வீக்கம் என்பவற்றை வைத்துப் பக்கம் பிரிக்க முடியாது. கண் அலர்ஜி என்று மாத்திரை கொடுத்து ஒரு வாரத்தை வீணாக்குவது இந்தக் கட்டத்தில்தான் நடக்கும். சிறுநீரை ஒருமுறை சோதித்திருந்தால் அந்த வாரம் மிஞ்சியிருக்கும்.

வீக்கத்தில் கவனிக்க வேண்டியது இடம் அல்ல, அது வந்த வழி. நெஃப்ரைட்டிக் நிலையில் குளோமெருலஸ் அழற்சியால் அடைபட்டு வடிகட்டல் குறைகிறது. ஆனால் சிறுநீரகக் குழாய்கள் நன்றாகவே இருக்கின்றன. கிடைத்த உப்பையெல்லாம் அவை உறிஞ்சித் திருப்பி அனுப்பிவிடுகின்றன. உப்போடு நீரும் தங்குகிறது. இரத்தக் குழாய்கள் நிரம்பி வழிவதால் வீக்கம். நெஃப்ராட்டிக் நிலையில் ஆல்புமின் சிறுநீரில் போய்விடுவதால் நீரை இரத்தக் குழாய்க்குள் பிடித்து வைக்கும் விசை தளர்கிறது. கூடவே, சிறுநீரில் கசிந்த பிளாஸ்மின் போன்ற பொருள்கள் சிறுநீரகக் குழாயின் சோடியம் வாயில்களைத் திறந்துவிடுவதால் சிறுநீரகமும் தானாக உப்பைத் தேக்குகிறது. இந்த இரண்டில் எது முந்துகிறது என்பது நோயாளிக்கு நோயாளி மாறும். அதனால் நெஃப்ராட்டிக் குழந்தை ஒன்று உடல் முழுக்க வீங்கியிருந்தும் இரத்தக் குழாய்க்குள் வறண்டு கிடக்கலாம்: கைகால் குளிர்ந்து, வயிறு வலித்து, ஹீமாட்டோகிரிட் உயர்ந்திருக்கும். அந்தக் குழந்தைக்கு யோசிக்காமல் ஃபியூரோசமைடு போட்டால் நிலை மோசமாகும். நம் சிறுவனுக்கோ அதுதான் முதல் மருந்து. பக்கம் பிரிப்பது தேர்வுக்காக மட்டும் இல்லை என்பதற்கு இந்த ஓர் இடம் போதும்.

"சிறுநீர் குறைந்து, டிகாக்‌ஷன் நிறத்தில் போகிறது."

சிவப்பு அல்ல, டிகாக்‌ஷன் நிறம். சிவப்பணுக்கள் குளோமெருலஸில் கசிந்து, அமிலத்தன்மையுள்ள சிறுநீரோடு நீண்ட குழாய் வழியே வரும்போது அவற்றின் ஹீமோகுளோபின் நிறம் மாறிக் கருக்கிறது. கல்லாலோ சிறுநீர்ப்பைக் கோளாறாலோ வரும் இரத்தம் பெரும்பாலும் சிவப்பாகவே இருக்கும், கட்டிகளும் வரலாம். குளோமெருலஸ் இரத்தத்தில் கட்டி வருவது அரிது. நெஃப்ராட்டிக் நோயாளியிடம் கேட்டால் அவர் நிறத்தைப் பற்றிப் பேச மாட்டார். நுரையைப் பற்றிச் சொல்வார்.

"நான்கு வாரத்துக்கு முன் இரு கால்களிலும் சொறியும் சீழ்க்கொப்புளங்களும் இருந்தன."

வினா இங்கே கையில் காலண்டரைக் கொடுக்கிறது. ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொண்டையில் தொற்றினால் ஒன்றிரண்டு வாரத்தில் சிறுநீரகத்தில் விளைவு தெரியும். தோலில் தொற்றினால் மூன்று முதல் ஆறு வாரம் பிடிக்கும். இந்த இடைவெளி நோயெதிர்ப்பு உருவாக எடுத்துக்கொள்ளும் காலம். தொண்டை வலி தொடங்கிய ஓரிரு நாளிலேயே சிறுநீர் கருத்தால் அது ஐஜிஏ நெஃப்ரோபதியின் பக்கம் போகும். "தொண்டை வலிக்குப் பிறகு" என்ற சொல்லைக் கண்டதுமே விடையைக் குறித்துவிடுகிறவர்கள் இந்த நாள்கணக்கில்தான் சறுக்குகிறார்கள்.

நம் ஊர் போன்ற வெப்பமான இடங்களில் தோல்வழித் தொற்று முக்கியமானது. சொறியைச் சொறிந்து புண்ணாக்கி, அதில் கிருமி ஏறிச் சிரங்காகும். குழந்தைக்குச் சிரங்கு வந்துபோனதைத் தாய் நோயாகவே எண்ணியிருக்க மாட்டார். நாம் கேட்காவிட்டால் வராத தகவல் அது. காலில் ஆறிய கருந்தழும்புகளை நாமே பார்ப்பது நல்லது.

"இரத்த அழுத்தம் 138/92."

பெரியவர் ஒருவருக்கு இந்த எண் வந்தால் சற்று உயர்வு என்று விட்டுவிடுவோம். எட்டு வயதுக்கு மேல்வரம்பு ஏறத்தாழ 115/75. அப்படிப் பார்த்தால் இது கடுமையான உயர்வு. இந்த அளவுக்கு அழுத்தம் ஏறிய குழந்தைக்குத் தலைவலி, வாந்தி, வலிப்பு வரலாம். நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறலும் வரலாம். நோயின் பெயர் உறுதியாகும் முன்பே சிகிச்சை தொடங்க வேண்டிய எண் இது. வினாவின் கடைசி வரி "உடனடியாக என்ன செய்வீர்கள்" என்று மாறியிருந்தால் விடை இந்தத் தொடரிலேயே இருக்கிறது: உப்பையும் நீரையும் குறை, ஃபியூரோசமைடு கொடு, அழுத்தத்தை இறக்கு.

"புரதம் 2+, இரத்தம் 3+, புரத-கிரியாட்டினின் விகிதம் 1.2."

2+ என்று கண்டதும் "புரதம் போகிறதே, நெஃப்ராட்டிக்தானே" என்று மாணவர் கேட்பார். டிப்ஸ்டிக் காட்டுவது செறிவை. நாள் முழுவதும் போன மொத்த அளவை அல்ல. 2+ என்பது டெசிலிட்டருக்குச் சுமார் 100 மில்லிகிராம். சிறுநீரே குறைவாகப் போகும் சிறுவனிடம் அது சுண்டிச் செறிந்திருக்கும். உள்ளதைவிடப் பட்டை மிகையாகக் காட்டும். அதனால்தான் அதே சிறுநீரில் கிரியாட்டினினையும் அளந்து விகிதம் பார்க்கிறோம். இரண்டும் ஒரே அளவு செறிவதால் வகுக்கும்போது செறிவின் பொய் கழிந்துவிடும். புரதம் 120, கிரியாட்டினின் 100 என்றால் விகிதம் 1.2. குழந்தைகளில் 2-க்கு மேல் போனால்தான் நெஃப்ராட்டிக் அளவு. பெரியவர்களில் ஒரு நாளைக்கு 3.5 கிராம்.

அந்த எல்லையையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நெஃப்ரைட்டிக் நோயாளி சிலருக்கு 3 கூட வரும். நெஃப்ராட்டிக் அளவில் புரதம் போவது ஒன்று. நெஃப்ராட்டிக் கூட்டறிகுறி இன்னொன்று. கூட்டறிகுறி என்றால் இரத்தத்தில் ஆல்புமின் விழுந்திருக்க வேண்டும், பொதுவாக 3-க்குக் கீழே. நம் சிறுவனுக்கு 3.3. தேங்கிய நீரில் இரத்தம் நீர்த்துப்போனதும் இந்தச் சிறு சரிவுக்கு ஒரு காரணம்.

"வடிவம் சிதைந்த சிவப்பணுக்களும் சிவப்பணு வார்ப்புகளும்."

மூலத்தின் முதுகெலும்பு இந்தத் தொடர். மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டு இதை மட்டும் விட்டுவைத்தாலும் பக்கம் பிரித்துவிடலாம்.

டிப்ஸ்டிக்கில் இரத்தம் 3+ என்பது மட்டும் போதாது. ஹீமோகுளோபினோ தசையிலிருந்து வந்த மயோகுளோபினோ தனியாக இருந்தாலும் பட்டை நிறம் மாறும். அணு இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். இருந்தால், எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். கிழிந்த குளோமெருலஸ் சவ்வின் இடுக்கில் நசுங்கி நுழைந்து, பிறகு குழாயின் உப்புச் செறிவு மாற்றங்களில் அடிபட்ட சிவப்பணு உருண்டையாக இராது. வளையம் போலவும், அதன் விளிம்பில் குமிழ்கள் முளைத்தும் காணப்படும். கீழேயுள்ள பாதையிலிருந்து வந்த அணு தட்டு போல ஒழுங்காக இருக்கும்.

வார்ப்பு இன்னும் வலுவான சாட்சி. குழாயின் கடைப்பகுதியில் சுரக்கும் யூரோமோடுலின் என்ற புரதம் உறைந்து, குழாயின் வடிவத்திலேயே உருளையாக வெளியே வரும். உறையும் நேரத்தில் குழாயில் எது இருந்ததோ அது உருளைக்குள் சிக்கிக்கொள்ளும். சிவப்பணு சிக்கியிருந்தால் இரத்தம் சிறுநீரகத்துக்குள்ளேயே கசிந்தது என்று பொருள். நெஃப்ராட்டிக் சிறுநீரில் இதே உருளையில் கொழுப்புத் துளிகள் இருக்கும். தளவிளைவு ஒளியில் பார்த்தால் அத்துளிகள் சிலுவைக் குறி போல மின்னும்.

ஆனால் ஒன்று. சிவப்பணு வார்ப்பு "இல்லை" என்று வரும் அறிக்கையை நான் எளிதில் நம்ப மாட்டேன். காலை ஏழு மணிக்குக் கொடுத்த சிறுநீர் மதியம்வரை மேசையில் கிடந்தால் வார்ப்புகள் கரைந்துவிடும். இயந்திரம் எண்ணித் தரும் அறிக்கையிலும் அவை தப்பிப்போகலாம். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், புதிய சிறுநீரைச் சுழற்றி, அடியில் தங்கிய வண்டலை ஒரு துளி எடுத்து, சிகிச்சை செய்யும் மருத்துவரே நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் முறை. தேர்வுத் தாளில் இந்தத் தொல்லை இல்லை. வார்ப்பு இருந்தால் இருக்கிறது என்று எழுதிவிடுவார்கள். வார்டில் தேட வேண்டும்.

"கிரியாட்டினின் 1.1."

மூலத்தில் ஒளித்துவைத்த முள் இது. ஆய்வக அறிக்கையில் பக்கத்திலேயே "இயல்பு 0.6 முதல் 1.2 வரை" என்று அச்சிட்டிருக்கும். அது தசை நிரம்பிய பெரியவருக்கான வரம்பு. குழந்தைக்கு உயரத்தோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்: 0.413-ஐ உயரத்தால் பெருக்கிக் கிரியாட்டினினால் வகுக்க வேண்டும். 0.413 × 125 = 51.6, அதை 1.1-ஆல் வகுத்தால் 47. இந்த வயதில் 90-க்கு மேல் இருக்க வேண்டிய வடிகட்டல் பாதியாகக் குறைந்திருக்கிறது. கிரியாட்டினின் இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் உண்மை நிலை 47-ஐவிட மோசம். இந்தச் சூத்திரம் நிலைபெற்ற எண்ணுக்கே பொருந்தும்.

"சி3 28, சி4 இயல்பு. ஏஎஸ்ஓ 180, இயல்பு வரம்புக்குள்."

இதுவரை வந்த தொடர்கள் நெஃப்ரைட்டிக் என்று முடிவு கட்டிவிட்டன. இனி நெஃப்ரைட்டிக் வகைகளுக்குள் எது என்பதே கேள்வி. நிரப்புப் புரதங்கள் என்னும் காம்ப்ளிமெண்ட் தொடரில் சி3 மட்டும் விழுந்து சி4 நின்றால் மாற்று வழி தூண்டப்பட்டிருக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்குப் பின் வரும் அழற்சியின் வழக்கம் இது. லூபஸில் இரண்டும் சேர்ந்து விழுவதே வழக்கம். ஐஜிஏ நெஃப்ரோபதியில் இரண்டும் இயல்பாகவே இருக்கும்.

ஏஎஸ்ஓ இயல்பாக இருக்கிறதே, ஸ்ட்ரெப்டோகாக்கஸை விலக்கிவிடலாமா? விலக்கக் கூடாது. அந்த எதிர்ப்பொருளைத் தூண்டும் நச்சு தோலின் கொழுப்பில் ஒட்டி வீரியம் இழந்துவிடுவதால், சிரங்குக்குப் பிறகு ஏஎஸ்ஓ பலருக்கு ஏறுவதே இல்லை. தோல் தொற்றுக்கு டிஎன்ஏஸ்-பி எதிர்ப்பொருளைப் பார்க்க வேண்டும். நான்கு வாரத்துக்கு முன் சிரங்கு என்று சொல்லும் வினா ஏஎஸ்ஓ இயல்பு என்றும் சொல்கிறதே, அது தற்செயல் அல்ல.

"சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்தால் எதைக் காண்போம்?"

இந்த வகை வினாவுக்குத் தரப்படும் விடைகள் பெரும்பாலும் இந்த ஐந்துக்குள் இருக்கும். ஒளி நுண்ணோக்கியில் எல்லாம் இயல்பாக இருந்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மட்டும் போடோசைட் செல்களின் பாதங்கள் தட்டையாகிக் கிடப்பது. மெசாஞ்சியத்தில் ஐஜிஏ படிவது. அடித்தளச் சவ்வு நெடுகக் கோடு போல ஐஜிஜி படிவது. சவ்வின் வெளிப்புறம் முட்கள் முளைத்திருப்பது. சவ்வின் வெளிப்புறம் திமில் போன்ற படிவுகள் இருப்பது.

முதலாவது மினிமல் சேஞ்ச் நோய். அது சுத்த நெஃப்ராட்டிக், சிவப்பணு வார்ப்பே இருக்காது. ஐஜிஏவை நாள்கணக்கும் சி3-உம் சேர்ந்து விலக்கிவிட்டன. கோடு போன்ற படிவு குட்பாஸ்ச்சர் நோய். அதில் சி3 விழாது, குழந்தைகளுக்கு அது மிக அரிது. எஞ்சியவை முள்ளும் திமிலும். விடை திமில். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று சற்று யோசிக்க வேண்டும், ஏனெனில் முழுப் பாடமும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

குளோமெருலஸின் சுவர் மூன்று அடுக்கு. உள்ளே இரத்தத்தைத் தொட்டுக்கொண்டு எண்டோதீலியம். நடுவில் அடித்தளச் சவ்வு. வெளியே சிறுநீர்ப் பக்கம் போடோசைட். நோயெதிர்ப்புப் படிவு எந்த அடுக்கில் விழுகிறது என்பதுதான் சிறுநீரில் எது வரும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. எண்டோதீலியத்துக்கு அடியிலோ மெசாஞ்சியத்திலோ விழுந்தால் ஓடும் இரத்தம் அதைத் தொடும். காம்ப்ளிமெண்ட் துண்டுகள் இரத்தத்தில் கலந்து நியூட்ரோஃபில்களை அழைக்கும், அவை வந்து சுவரைக் கிழிக்கும், சிவப்பணு கசியும். இதுவே நெஃப்ரைட்டிக். சவ்வுக்கு வெளியே, போடோசைட்டின் அடியில் விழுந்தால் கதை வேறு. தெருவில் ரோந்து போகும் காவலருக்குக் கொல்லைப்புறத்தில் நடப்பது தெரியாதது போல, இரத்தத்தில் ஓடும் வெள்ளணுக்கள் அந்தப் படிவை எட்டுவதில்லை. அழற்சி இல்லை, ஆனால் அங்கேயே இருக்கும் போடோசைட்டைக் காம்ப்ளிமெண்ட் தாக்குவதால் அது பாதங்களை இழக்க, புரதம் கொட்டும். மெம்பிரேனஸ் நெஃப்ரோபதி இப்படித்தான். படிவுகளுக்கு நடுவே சவ்வு வளர்ந்து நீட்டிக்கொள்வதே வெள்ளிச் சாயத்தில் முட்களாகத் தெரிகிறது. பெரியவர்களில் இதற்குப் பெரும்பாலும் காரணமான பிஎல்ஏ2ஆர் எதிர்ப்பொருளை 2009-இல் கண்டறிந்தார்கள்; இன்று அதை இரத்தத்திலேயே பார்த்து, பல நோயாளிகளுக்குப் பயாப்சி ஊசியே போடாமல் நோயை உறுதிசெய்ய முடிகிறது.

இப்போது நல்ல மாணவர் ஒருவர் மடக்குவார்: திமிலும் சவ்வுக்கு வெளியேதானே இருக்கிறது? பிறகு ஏன் நெஃப்ராட்டிக் ஆகவில்லை?

சரியான கேள்வி. திமில்கள் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் நோயை நடத்துவது அவை அல்ல. முதல் நாள்களில் எண்டோதீலியத்துக்கு அடியிலும் மெசாஞ்சியத்திலும் படிவுகள் இருக்கின்றன. அவை சிறியவை, சீக்கிரம் துடைக்கப்பட்டுவிடும். நியூட்ரோஃபில்களை அழைப்பது அவைதாம். ஒளி நுண்ணோக்கியில் குளோமெருலஸ்கள் அனைத்தும் பெருத்து, தந்துகிகளின் உள்ளிடம் செல்களால் அடைத்து, நியூட்ரோஃபில்கள் நிறைந்திருப்பதைப் பார்த்தால் இது விளங்கும். திமில் அதன்மேல் ஒரு முத்திரை. வெளிப்புறத் திமில்கள் மிக அடர்ந்து, ஒளிர்சாய நுண்ணோக்கியில் தந்துகிச் சுவர் நெடுக மாலை கோத்தது போலத் தெரியும் சில நோயாளிகளுக்கு உண்மையிலேயே புரதம் அதிகமாகப் போகிறது. விதி உடையவில்லை, படிவு இருக்கும் இடத்தைச் சிறுநீர் நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. சாதாரண நோயாளியிடம் தெரிவது சிதறிய விண்மீன்கள் போன்ற, ஐஜிஜியும் சி3-உம் கலந்த துகள்கள்.

வினா "எடுத்துப் பார்த்தால்" என்கிறது. "எடுக்க வேண்டும்" என்று சொல்லவில்லை. நடைமுறையில் இந்தச் சிறுவனுக்குப் பயாப்சி தேவையில்லை. சிரங்கு, நாள்கணக்கு, வார்ப்பு, தனித்து விழுந்த சி3 ஆகியவை சேர்ந்தால் நோய் உறுதி. ஒரு வாரம் பத்து நாளில் சிறுநீர் பெருகும், அழுத்தம் இறங்கும், வீக்கம் வடியும். இந்தக் கட்டத்தில் கிரியாட்டினின் நாளுக்கு நாள் ஏறினால்தான் பயாப்சி ஊசியை எடுக்க வேண்டும்: குளோமெருலஸ்களைப் பிறைகள் நெரிக்கின்றனவா என்று பார்க்க.

இனி மூலத்தின் சில தொடர்களை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

"சிறுநீர் நிறம் மாறவில்லை, நுரைக்கிறது. இரத்த அழுத்தம் 100/64. புரதம் 4+, விகிதம் 10. நுண்ணோக்கியில் சிவப்பணு இல்லை. ஆல்புமின் 1.6, சி3 இயல்பு. அடுத்துச் செய்ய வேண்டியது என்ன?"

அதே வயது, அதே வீங்கிய முகம். ஆனால் இங்கே சுவர் கிழியவில்லை. வடிகட்டும் பாதங்கள் மட்டும் சாய்ந்துவிட்டன. விடைகளில் "சிறுநீரக பயாப்சி" என்று ஒன்று நிச்சயம் இருக்கும். நன்றாகப் படித்தவரைக் குறிவைத்துப் போட்ட தூண்டில் அது. இந்த வயதில் இந்தத் தோற்றத்தோடு வரும் நோய் பெரும்பாலும் மினிமல் சேஞ்ச். பெரும்பான்மைக் குழந்தைகள் ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படுவார்கள். அதனால் முதலில் பிரெட்னிசலோன், கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 மில்லிகிராம், அதிகபட்சம் 60. காலைச் சிறுநீரில் தொடர்ந்து மூன்று நாள் புரதம் இல்லாமல் போனால் நோய் அடங்கியது என்று கணக்கு. ஆறு வாரம் கொடுத்தும் அடங்காவிட்டால்தான் பயாப்சி.

அப்போதும் ஒரு பொறி உண்டு. ஸ்டீராய்டுக்கு அடங்காத குழந்தையின் பயாப்சியில் "இயல்பு, மினிமல் சேஞ்ச்" என்று வந்தால் திசுவில் எத்தனை குளோமெருலஸ்கள் இருந்தன என்று பாருங்கள். எஃப்எஸ்ஜிஎஸ் என்னும் தழும்பு நோய் சில குளோமெருலஸ்களில் மட்டும், அதுவும் முதலில் புறணியின் ஆழத்தில் தொடங்குகிறது. மேற்புறத்திலிருந்து ஐந்தாறு குளோமெருலஸ் மட்டும் கிடைத்திருந்தால் தழும்பு அகப்படாமல் போயிருக்கலாம். அந்த அறிக்கை நோய் இல்லை என்று சொல்லவில்லை. கிடைத்த துண்டில் இல்லை என்றே சொல்கிறது.

முதல் சிறுவனிடம் திரும்புவோம். வினாத்தாளில் அவன் கதை விடையோடு முடிந்துவிடும். மூலத்துக்கு இன்னும் ஒரு தொடர் சேர்க்கிறேன்.

"மூன்று மாதம் கழித்து வீக்கம் இல்லை, அழுத்தம் இயல்பு, சிறுநீரில் இரத்தமும் புரதம் 2+-உம் தொடர்கின்றன, சி3 34."

நுண்ணளவில் இரத்தம் தொடர்வது பற்றிக் கவலை வேண்டாம். ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டு வரையும் அது இருக்கும். நெருடுவது சி3. தொற்றுக்குப் பின் வரும் அழற்சியில் அது ஆறு முதல் எட்டு வாரத்தில் இயல்புக்குத் திரும்ப வேண்டும். மூன்று மாதமாகியும் விழுந்தே கிடக்கிறது என்றால் மாற்று வழியை ஏதோ ஒன்று அணையவிடாமல் தூண்டிக்கொண்டிருக்கிறது. இப்போது பயாப்சி கட்டாயம். ஒளிர்சாயத்தில் ஐஜிஜி மங்கி சி3 மட்டும் பளிச்சென்று மேலோங்கினால் அது சி3 குளோமெருலோபதி. சிரங்கு அதைக் கிளப்பிவிட்டிருக்கலாம். நோய் சிரங்கினுடையது அல்ல.

இந்தப் பயாப்சியில் எலக்ட்ரான் நுண்ணோக்கி திமில்களைக் காட்டினாலும் வியக்க வேண்டாம். சி3 குளோமெருலோபதியிலும் திமில் உண்டு. "திமில் என்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்" என்ற மனப்பாடம் தேர்வு அறைக்குள் பலிக்கும். மூன்று மாதச் சி3 குறைவுக்கு முன் பலிக்காது. தொற்றுக்குப் பின் வரும் அழற்சி தானாக ஆறும் நோய். சி3 குளோமெருலோபதி பல ஆண்டுகளில் பலரைச் சிறுநீரகச் செயலிழப்புக்குக் கொண்டுபோகும் நோய். முதல் வாரத்தில் இரண்டின் சிறுநீரும் ஒன்றுபோலவே இருக்கும். முதல் வாரப் பயாப்சிகூட ஒன்றுபோல இருக்கலாம்.

ஆகவே வார்டில் இருக்கும் இளம் மருத்துவருக்கு ஒரு வேண்டுகோள்: வீக்கம் வடிந்து வீட்டுக்குப் போகும் சிறுவனின் டிஸ்சார்ஜ் சீட்டில், எட்டாவது வாரத்தில் சி3 பார்க்க வர வேண்டிய தேதியை உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள், ஏன் வர வேண்டும் என்பதைத் தாயிடம் வாயாலும் சொல்லுங்கள்.